மாதாமாதம் திறந்து பார்த்தேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைக்காரனிடம், வார்டு கவுன்சிலரிடம், பஸ் கண்டக்டரிடம் பேசி ஜெயித்த வாய். அந்த வாயால்தான் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன், "நீ எதுக்குடீ பயப்படறே, எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று. சொன்னதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் எங்கள் வீட்டு வரிசை. தெரு கூட்டவும் சாக்கடை அள்ளவும் பழைய முனிசிபாலிட்டி கூட்டிவந்த தமிழ்க் குடும்பங்கள்தான் முக்காலும். இப்போது பிள்ளைகள் ஹோட்டலிலும் துறைமுகத்திலும் துணிக்கடையிலும் இருக்கிறார்கள். நான் ஒரு சுக்கு, மிளகு குடோனில் இருக்கிறேன். வரும் சரக்கில் ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்பி, பக்கத்தில் எண் எழுதிய சீட்டு வைத்துப் படம் பிடித்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்புவது என் வேலை. அதனால் என் போனில் என் முகத்தைவிடச் சுக்கின் முகம்தான் அதிகம்.

வரிசைக்கு ஒரு சங்கம் உண்டு. பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு வாட்ஸாப் குழு, செயலாளர் என்ற பெயரில் நான். தமிழ், மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ் மூன்றும் வாசிக்கத் தெரியும் என்பதால் இந்தப் பதவி. வேலை என்னவென்றால், எல்லாருடைய தாள்களையும் பார்த்துக்கொள்வது.

தாள் எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை. கேரளத்தில் எங்கள் ஜாதிக்கு ஒதுக்கீட்டுச் சான்றிதழ் வேண்டுமென்றால், 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்தவர்கள் கணக்கு. பாட்டன் கூட்டிய தெரு கண்ணெதிரே கிடக்கிறது, ஆனால் தெரு சாட்சி சொல்லாது. ஸ்கூல் பதிவோ, குவார்ட்டர்ஸ் கொடுத்த உத்தரவோ ஏதாவது ஒரு தாள் வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு என்ன கிடைத்ததோ அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் இருந்தது ஒரே ஒரு தாள். அவள் தாத்தாவுக்கு முனிசிபாலிட்டி குடியிருக்க இடம் ஒதுக்கிய உத்தரவு. நாற்பதுகளில் எழுதியது, நாலாக மடித்தது, மடிப்பில் வெளிச்சம் தெரியும். அவள் மகள் பத்தாவது முடித்த வருஷம் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோனோம். கடைக்கார சேட்டன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அய்யோ சேச்சி, மூடி அமர்த்தியா பொடிஞ்ஞு போகும், ஞான் தொடூல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மிஷின் மூடியை அழுத்தினால் தாள் பொடிந்துவிடுமாம். சரிதான் என்று வீட்டுக்கு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாயில் விரித்து அவள் போனில் படம் எடுத்தோம். எண், தேதி, முத்திரை எல்லாம் பளிச்சென்று விழுந்தது. அதை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். நான் அவளுக்கு ஒரு தடவை முழுசாக வாசித்துக் காட்டினேன். தாத்தாவின் பெயரை அந்தத் தாளில் கேட்டபோது அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

கொஞ்ச நாளில் அவள் போன் நிறைந்து திணறியது. கூப்பிட்டால் எடுக்க முடியவில்லை, ஒரே புலம்பல். "குடு இங்க" என்று வாங்கி நான்தான் சுத்தம் செய்தேன். கண்டவன் அனுப்பிய குட்மார்னிங், பூ, சாமி படம், அதோடு அவள் எடுத்த படங்களையும் மொத்தமாக அழித்தேன். அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, அந்தத் தாத்தா கடலாசு?"

"எங்கிட்ட இருக்குடீ. மாசாமாசம் பேக்கப் எடுக்கறேன். நீ எதுக்குப் பயப்படறே?"

பேக்கப் எடுத்தது பொய் இல்லை. எங்கள் வாசகசாலையில் பெண்களுக்கு ஒரு போன் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்த டீச்சர் கறாரானவர். எல்லார் போனிலும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு நினைவூட்டல் வைக்கச் சொன்னார். அதில் இரண்டு வரி. படமும் தாளும் பேக்கப் ஆகிவிட்டதா என்று ஒன்று. ஏதாவது இரண்டு மூன்றை வேறு போனிலோ வாசகசாலைக் கம்ப்யூட்டரிலோ உங்கள் கணக்கில் நுழைந்து திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா என்று இன்னொன்று. இரண்டாவது வரி நீளமாக இருந்தது. எனக்குத் தமிழில் டைப் அடிப்பது ஆமை வேகம். "திறந்து பார்த்தியா?" என்று மட்டும் அடித்துக்கொண்டேன். விஷயம் அதுதானே, பெரிய வித்தியாசம் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அதன்படி தவறாமல் செய்தேன். ஞாயிறு பத்து மணிக்கு அது சத்தம் போடும். அடுப்பில் என்ன இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பேன். படம் சேமிக்கிற ஆப்பைத் திறந்தால் 'பேக்கப் முடிந்தது' என்று பச்சை அடையாளத்தோடு காட்டும். கேலரிக்குள் போய் ஏதாவது மூன்று தாளைத் தட்டுவேன். பெரும்பாலும் தாத்தாவின் உத்தரவும் அதில் ஒன்றாக இருக்கும். அழகாகத் திறக்கும். இரண்டு விரலால் பெரிதாக்கி முத்திரைவரை பார்ப்பேன். முடிந்தது என்று தட்டிவிட்டுக் குழுவில் பெருமையாக எழுதுவேன்: "இந்த மாசமும் எல்லார் தாளும் பத்திரம்." எல்லாரும் கைகூப்பு போடுவார்கள். எனக்கு அதில் ஒரு மிதப்பு, மறைப்பானேன்.

எங்கள் பக்கம் வருஷக் கடைசியில் வேலியேற்றம் உண்டு. காயல் பெருகி ஓடை வழியாக ஏறி வீட்டுக்குள் வரும் உப்புத் தண்ணீர். மழையே இல்லாமல் விடிகாலையில் வரும், மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். கணுக்கால் அளவு வழக்கம். அந்த வருஷம் முழங்காலைத் தொட்டது. நான் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். போன் பக்கத்தில் சார்ஜில் இருந்தது. முதுகு நனைந்து எழுந்தபோது போன் தண்ணீருக்குள் கிடந்தது. முதலில் மெயினை அணைத்தேன், பிறகுதான் அதை எடுத்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் மகளும் சாமானைத் தூக்கிக் கட்டிலில் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தாத்தாவின் தாள் அதில்தான். முந்தின வருஷங்களில் தண்ணீர் வந்தால் அவள் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியை. அன்றைக்கு அரிசி மூட்டையையும் மகளின் புத்தகங்களையும் தையல் மெஷினையும் தூக்கினாள். பெட்டி கடைசியில்தான் நினைவுக்கு வந்தது. திறந்தால் உள்ளே கஞ்சி மாதிரி ஏதோ.

நான் போய் நின்றபோது அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாரமில்லக்கா. உங்க கையில இருக்கில்ல. அந்தத் தைரியத்துலதான் அரிசிய மொதல்ல தூக்கினேன்."

"ஆமாண்டி, இருக்கு. புதுப் போன் வாங்கினா எல்லாம் வந்துடும்" என்றேன். என் போன் என் கையில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை.

புதுப் போன் வாங்கிக் கணக்கைப் போட்டேன். படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கோயில் திருவிழா, அக்கா மகள் கல்யாணம், ஆயிரக்கணக்கில் சுக்கு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சருக்குப் போன் போட்டு நன்றிகூடச் சொன்னேன். குழுவில், "போன் போனாலும் படம் போகலை பாத்தீங்களா" என்று எழுதினேன். தாள்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதற்கப்புறமும் ஞாயிறுகள் வந்தன. கணக்கோடு நினைவூட்டலும் புதுப் போனுக்கு வந்திருந்தது. ஆனால் குடோனில் சீசன், வீட்டில் சுவர் ஊறிப்போய்ப் பெயின்ட் வேலை. 'பிறகு' என்று தட்டித் தள்ளினேன். எல்லாம் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்றே, இனி என்ன சோதனை?

பக்கத்து வீட்டு மகள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். நர்சிங்கில் ஒதுக்கீட்டு சீட் அவளுக்கு விழுந்தது. வரிசையில் நர்சிங் போகும் முதல் பிள்ளை அவள்தான். சான்றிதழைக் குறிப்பிட்ட நாளுக்குள் காட்ட வேண்டும். வில்லேஜ் ஆபீஸில் தண்ணீர் வந்த விஷயத்தைச் சொன்னோம். அங்கே இருந்த அம்மா நல்லவர். "ஒரிஜினல் இல்லெங்கிலும் சாரமில்லா. போட்டோல ஆர்டர் நம்பரும் தேதியும் தெளிஞ்ஞு காணணும். அது வெச்சு பழைய ரெக்கார்டு ரூம்ல நோக்காம்" என்றார். அசல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படத்தில் எண் தெரிந்தால் பழைய பதிவுகளில் தேடலாமாம். எங்களுக்கு உயிர் வந்தது.

"அக்கா, அனுப்புங்க" என்றாள் அவள், ஆபீஸ் வாசலிலேயே நின்று. நான் போனைத் திறந்தேன்.

சுக்கு. மிளகு. கல்யாணம். திருவிழா. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். தாத்தாவின் தாள் மட்டுமல்ல, வாட்ஸாப்பில் வந்த ஒரு தாளும் இல்லை. "நெட் சரியில்ல போல, வீட்டுக்குப் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

வீட்டுக்குப் போகவில்லை, நேரே வாசகசாலைக்குப் போனேன். டீச்சர் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்து அரை மணி நேரம் தேடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். அந்த ஆப் கேமராவில் எடுத்த படங்களைத்தான் தானாக எடுத்து வைக்கும், வாட்ஸாப் படங்கள் கிடக்கும் போல்டரைத் தனியாகத் தேர்ந்து கொடுத்திருக்க வேண்டும், நான் கொடுக்கவே இல்லை. பச்சை அடையாளம் பொய் சொல்லவில்லை. அதனிடம் எதை ஒப்படைத்தேனோ அது முடிந்தது என்றுதான் சொன்னது.

"ஆனா நான் மாசாமாசம் திறந்து பாத்தேனே டீச்சர்!"

"எதுல திறந்து பாத்தீங்க?"

"எம் போன்லதான்."

"போன்ல இருக்கறத போன்ல திறந்தா திறக்காம எங்க போகும்? பேக்கப்லேந்து வந்துச்சான்னு தெரியணும்னா, அந்தப் படம் இல்லாத இடத்துல எடுத்துப் பாக்கணும். அதுக்குத்தானே வேற போன்னு எழுதச் சொன்னேன்."

நான் அதை எழுதவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வாய்க்கு அன்றைக்குத்தான் பூட்டு விழுந்தது.

வாட்ஸாப்புக்கென்று தனி பேக்கப் உண்டே என்று கேட்டார். இடம் போதாது என்று அது தொந்தரவு செய்ததால் நானே நிறுத்தி வைத்திருந்தேன். அனுப்பியவர் போனில் இருக்குமே என்றார். அதையும் நானே அழித்தேன் என்றேன். டீச்சர் ஒரு கட்டன் சாயா வாங்கி வரச் சொல்லி என் கையில் கொடுத்தார். அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

செத்த போனைத் தோப்பும்படியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே போர்டு பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. "இது ஒண்ணும் செய்யான் பற்றில்லா சேச்சி" என்றார் அங்கிருந்தவர். வேறு இரண்டு கடையிலும் அதையே சொன்னார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மகள் தரையில் உட்கார்ந்து அட்மிஷன் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொல்லிவிட்டேன். கேமராப் படம், வாட்ஸாப் போல்டர், திறந்து பார்த்த கூத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றுவிட்டது.

"அப்ப... இல்லையாக்கா?"

"இல்லடி."

"உங்களுக்கு அந்த நம்பர் ஓர்ம இல்லையா? நீங்கதான வாசிச்சீங்க?"

வரிகள் எனக்கு மனப்பாடம். தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், எந்தச் சந்து, எத்தனையாம் அறை எல்லாம் சொல்ல முடியும். எண் மட்டும் வரவில்லை. மாதம் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்த எண். கடைசியில் ஏழா ஒன்றா என்றுகூடத் தெரியவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததை யார் மனதில் வைத்துக்கொள்கிறார்கள்!

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்டினால் காலில் விழுந்திருப்பேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நீங்க வேணும்னு செஞ்சீங்களாக்கா" என்றாள். மகள் பாரத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மற்ற வீடுகளுக்கும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர்களிடம் அசல் இருந்ததால் மறுபடி படம் எடுத்தேன். இந்தத் தடவை என் கேமராவில் எடுத்தேன், அவரவர் போனிலும் ஒன்று வைத்தேன், வாசகசாலைக் கம்ப்யூட்டரில் திருப்பி எடுத்தும் பார்த்தேன். எல்லாம் வந்தன. சிலர் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். ஒருத்தர் மட்டும், "உன்ன நம்பி நாங்களும் தூக்கிப் போட்டிருந்தா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தாலுக்கா ஆபீஸில் விசாரணைக்கு அவள், மகள், நான் மூன்று பேரும் போனோம். எண் இல்லாமல் ரெக்கார்டு ரூமில் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஏற்கெனவே பதில் வந்திருந்தது. அதிகாரி நடுவயதுக்காரர், நிதானமானவர். நான் மனப்பாடமாகச் சொன்ன வரிகளைக் கேட்டுக்கொண்டார், எழுதவும் செய்தார். "நிங்ஙள் பறயுந்நது எனிக்கு விஸ்வாசமாணு சேச்சி. பக்ஷே ரேகை வேண்டே?" என்றார். அவர் நம்பினாலும் ஆவணம் வேண்டுமே. பிறகு அவளிடம் திரும்பினார்.

"போட்டோ எடுத்திருந்நு எந்நு பறஞ்ஞல்லோ. அது ஆருடெ கையிலாயிருந்நு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எங்கையில தான் சார். எம் போன்ல. அழிஞ்சு போச்சு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினாள், சும்மா இரு என்பதுபோல. நான் சும்மா இருந்தேன். வாயாடி, கண்டக்டரை ஜெயித்தவள், சும்மா இருந்தேன். சொன்னாலும் எண் திரும்பி வரப் போவதில்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம். சங்கத்துச் செயலாளர் என்று அவர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேனே, அந்த நிமிர்வைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசைதான் நிஜம். அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. சான்றிதழ் கிடையாது. சீட் வேறு பிள்ளைக்குப் போனது. அவள் மகள் இப்போது டிகிரியில் சேர்ந்து வேறு பாடம் படிக்கிறாள். நர்சிங் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. உத்தரவு வந்த அன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைதான் என் வீட்டுக்கு வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் சரளம். வாசலில் நின்றே வாசித்துக் காட்டியது.

"'அபேக்ஷகயுடெ அஸ்ரத்த கொண்டு ரேகை நஷ்டப்பெட்டு'ன்னு எழுதிருக்கு பெரீம்மா. அம்மாவோட கவனக்குறைவாலன்னு."

தாளை வாங்கி அந்த வரியை நானும் வாசித்தேன்.

"அம்மா கவனக்குறைவு இல்லல்லோ பெரீம்மா" என்றது, குரலை உயர்த்தாமல்.

மேல்முறையீடு செய்யலாம், வேறு ஏதாவது தாள் கிடைத்தால் மறுபடி கேட்கலாம், அதற்கு இந்த உத்தரவு தொலையக் கூடாது என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் அதைப் படம் எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். மாதாமாதம் அந்தப் பிள்ளையின் போனில் என் கணக்கைப் போட்டு, முறைப்படி திருப்பி எடுக்கிறேன். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். முத்திரை தெரிகிறதா, எண் தெரிகிறதா, வரிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அவள் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை, ஒரு எழுத்துகூட மங்காமல், ஒவ்வொரு மாதமும் சரியாகத் திறக்கிறது.